ஜாக்கிக்கு முன்னால் ஒரு படி

நாமக்கல் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் நான் வேலை பழகிய காலத்தில், டயர் மாற்றுவதற்கு மேஸ்திரி சொல்லும் உத்தரவு நாலே வார்த்தை: தூக்கு, கழற்று, மாட்டு, காற்றடி. இன்று பட்டறை பட்டறையாகப் போய், அங்குள்ளவர்களோடு உட்கார்ந்து அதே வேலையைப் படிப்படியாகப் பிரித்து எழுதுகிறேன். ஒவ்வொரு படிக்கும் எதிரே ‘இங்கே என்ன நடக்கலாம், எதனால் நடக்கும்’ என்று கேட்டு எழுதுவோம்.

‘காற்றடி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள்தான் ஆபத்து அதிகம் ஒளிந்திருந்தது. டியூப் போட்ட லாரி டயரை டிஸ்க்கோடு பிடித்து வைப்பது ஒரு இரும்பு லாக் ரிங். காற்று 100 பவுண்டை எட்டும்போது அந்த ரிங்கைப் பல டன் விசை வெளியே தள்ளுகிறது. துருப்பிடித்தோ வளைந்தோ காடியில் சரியாக உட்காரவில்லை என்றால் அது தெறிக்கும். எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. அன்று ரிங்கைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் போட்டுக் காற்றடித்தோம். தெறித்தால் சக்கரமே எகிறும். ரிங் ஒரு பக்கம் தூக்கி நின்றால், காற்று ஏற ஏறச் சம்மட்டியால் தட்டுவார்கள்.

பிரித்து எழுதினால் அது பல வேலையாகிறது. காடியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. ரிங்கை உட்கார வைப்பது. சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் உருட்டி வைப்பது. கிளிப் உள்ள நீள ஹோஸை மாட்டிவிட்டுப் பக்கவாட்டில் தள்ளி நின்று காற்றடிப்பது. ரிங் கோணலாகத் தெரிந்தால் தட்டக் கூடாது. முழுக் காற்றையும் இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

சமீபத்தில் ஒரு பட்டறையில், பின் ஜோடிச் சக்கரத்தின் உள் டயர் காற்றில்லாமல் வெகுதூரம் ஓடி வந்திருந்தது. தாளில் ‘நட்டைக் கழற்று’ என்பதற்குப் பிறகுதான் ‘காற்றை இறக்கு’ என்று எழுதினார்கள். முன்னால் மாற்றச் சொன்னேன்.

“கழட்டினப்புறம் எறக்குனா ஆகாதாண்ணே?” என்றான் ஒரு பையன்.

“டிஸ்க்கு உள்ள வெடிச்சிருந்தா, அத இறுக்கிப் பிடிச்சிருக்கிறது அந்த நட்டுதான் தம்பி.”

அவனுக்குச் சட்டென்று புரிந்தது. ஜாக்கிக்கும் முன்னால், ஜோடியில் இரண்டு டயரின் வால்வு பின்னையும் கழற்றுவதை முதல் படியாக வைத்தோம். காற்று வரும் சத்தம் நின்றால் மட்டும் போதாது. அழுக்கு அடைத்தாலும் சத்தம் நிற்கும். அதனால் வால்வுக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார்ப்பதையும் சேர்த்தோம்.

இப்போது டியூப்லெஸ் டயர் பரவியதால் பல வண்டிகளில் லாக் ரிங்கே இல்லை. ஆனால் காற்றுக் குறைந்து ஓடிய டயரின் பக்கச் சுவருக்குள் எஃகு இழைகள் நைந்திருக்கும். மறுபடி காற்றடிக்கும்போது ஜிப் திறப்பதுபோல் கிழியும். முன்னறிவிப்பாகச் சில நேரம் படபடவென்று மெல்லிய வெடிச்சத்தம் கேட்கும். கேட்ட உடனே, கிட்டே போகாமல் ஹோஸின் மறுமுனையிலிருந்தே காற்றை இறக்க வேண்டும். ரிங் போனதால் கூண்டு தேவையில்லை என்று பல பட்டறைகளில் அதை வெளியே தள்ளிவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லித்தான் இப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.