மேற்படி என்றால் எப்படி?

வாட்ஸ்அப்பில் வந்து சேரும் வாடகை ஒப்பந்தப் பத்திரத்தின் ஸ்கிரீன்ஷாட் என்பது பெரும்பாலும் இரண்டாம் பக்கமாகவே இருக்கும். முத்திரைத்தாளின் மேல் பகுதியும் பெயர் விலாசங்களும் முதல் பக்கத்தோடு நின்றுவிட, கையெழுத்துகள் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட, வாடகைக்காரர் எந்த நாளில் எதைச் செய்யத் தவறினால் எவ்வளவு இழப்பார் என்ற சாரமான பகுதி மட்டும் இந்த நடுப்பக்கத்தில் தங்கியிருக்கும். அதிலுள்ள தேதி, அபராதம், அறிவிப்புக் காலம் ஆகியவற்றைக் கட்டம் போட்டுப் பட்டியலாக்கிச் சுவரில் ஒட்டிவைப்பது அறிவுடைமை என்று கருதிய இக்கட்டுரையாளர், அந்தப் பணியில் முதலில் எதிர்கொண்டது ‘மேற்படி’ என்ற சொல்லையே.

பத்திர எழுத்தர்களின் தமிழில் ‘மேற்படி’ என்பது முன்னால் சொல்லப்பட்டதைச் சுட்டும் சொல். ஸ்கிரீன்ஷாட்டிலோ முன்னால் இருப்பவை கைப்பேசியின் மணியும், பேட்டரியில் 14 சதவீதம் மிச்சம் என்ற தகவலும்தான். ‘மேற்படி தேதியிலிருந்து 11 மாதங்கள்’ என்ற வாசகத்தில் அந்தத் தேதி கையெழுத்திட்ட நாளா, குடியேறிய நாளா என்பது முதல் பக்கத்தைப் பார்த்தால்தான் விளங்கும். கட்டுரையாளர் கையெழுத்திட்டது 2024 ஜூன் 23, வாடகை தொடங்கியது ஜூலை 1. ஆகவே ஒப்பந்தம் முடிவது 2025 மே 22 அன்று அல்ல, மே 31 அன்று என்பது முதல் பக்கத்தைக் கேட்டு வாங்கிய பிறகே தெளிவாயிற்று. (ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் பிறந்ததே இந்தப் பதினொரு மாத வழக்கம், தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டம் கால அளவைப் பாராமல் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் கேட்கிறது என்றாலும், பதினொன்று என்ற எண்ணுக்கு இருக்கும் மவுசு குறையவில்லை.)

அடுத்தது தாமதக் கட்டணம். ‘பிரதி மாதம் 5ஆம் தேதிக்குள் செலுத்தத் தவறினால் நாளொன்றுக்கு ரூ.100’ என்பதைப் பட்டியலில் ‘5ஆம் தேதி வாடகை’ என்று சுருக்கி எழுதிக்கொண்டால் பாதி விஷயம் தொலைந்துபோகும். எட்டாம் தேதி பணம் கட்டுகிறவர் ஆறு, ஏழு, எட்டு என்று எண்ணி 300 தருவார். வீட்டுக்காரர் ஒன்றாம் தேதியிலிருந்து எண்ணி 800 கேட்பார். எனவே ஒவ்வொரு கட்டத்திலும் நாளோடு, அது எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் எழுதியாக வேண்டும். படம் மங்கி 3ஆ 8ஆ என்று புலப்படாத இடத்தில், தொகையை எழுத்தாலும் எழுதும் பத்திர வழக்கம் கைகொடுக்கும். தேதிகளுக்கு அந்தப் பாக்கியம் பெரும்பாலும் இல்லை.

வளமான இடம் அறிவிப்புக் காலம், அதாவது காலி செய்வதற்கு எவ்வளவு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை. ‘இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டியது, தவறினால்’ என்ற இடத்தில் படம் முடிந்துவிட்டது. மார்ச் மாதக் கடைசியில் கிளம்ப எண்ணியிருந்த கட்டுரையாளர், பட்டியலில் ‘2 மாதம்’ என்று மட்டும் எழுதியிருந்ததால், அவசரமின்றிப் பிப்ரவரி 3 அன்று அறிவிப்பை அனுப்பினார். இரண்டு மாதம் ஏப்ரல் 2 அன்று நிறைவதால், மாதம் 18,000 ரூபாய் வாடகையில் கூடுதல் இரண்டு நாளுக்கு 1,200 ரூபாய் போகும் என்பது அவருடைய கணக்கு. ‘தவறினால்’ என்பதன் மறுபாதியோ மூன்றாம் பக்கத்தின் முதல் வரியில், மாதம் என்பது வாடகை மாதத்தையே குறிக்கும், தொடங்கிய மாதத்துக்கு முழு வாடகை உண்டு என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. மூன்று நாள் தாமதத்தின் விலை 18,000. ஜனவரி 31 என்ற தேதி பத்திரத்தில் எங்கும் அச்சாகவில்லை. கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வாடகைக்காரர் தாமே கண்டுபிடிக்க வேண்டிய தேதி அது, பட்டியலில் முதலில் எழுதப்பட வேண்டியதும் அதுவே.

பட்டியல் ஒருவாறு முடிந்தபின் எண்ணிப் பார்த்ததில், வாடகைக்காரர் செய்யவேண்டிய ஒன்பதுக்கும் தேதியோ தொகையோ இருந்தது. வீட்டுக்காரருக்கு உரியது ஒன்றே ஒன்று: அட்வான்ஸைத் திருப்பித் தருவது. அதற்குப் பத்திரம் ‘காலி செய்த பின்’ என்கிறது. புதிய சட்டம் ஒரு மாதத்துக்குள் என்கிறது. அந்தச் சட்டத்தை நினைவூட்டியபோது வீட்டுக்காரர், “சார், பெயின்ட் அடிக்கிற ஆள் வந்து பார்த்துட்டுப் போகட்டும்” என்றார். ஆள் எப்போது வருவார் என்பதற்கு அறிவிப்புக் காலம் ஏதும் இல்லாததால், அந்தக் கட்டத்தில் மட்டும் தேதிக்குப் பதிலாக ‘மேற்படி’ என்று எழுதப்பட்டிருக்கிறது.