‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ துறையின் தலைவருக்கு

பெறுநர்: எங்கள் குடியிருப்புக்கு இணைய இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்.

பொருள்: ஆயுத பூஜைக்கு மறுநாள் தங்கள் துறை ஆற்றிய தொண்டுக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் குடியிருப்பில் ஒரே ஒரு வீட்டோடு முடிந்திருக்க வேண்டிய இணையக் கோளாறை, தொலைபேசி வழியாகவே மாடி மாடியாகக் கொண்டுசேர்த்த தங்கள் ஊழியர்களின் உழைப்பைக் குடியிருப்போர் சங்கம் மறக்காது. நிறுவனத்தின் ஆண்டு மலரில் இது இடம்பெறும் என்று நம்புகிறோம். தகவல் பிழை வரக்கூடாது என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றாம் மாடி மாமா ஓய்வுபெற்றவர், பக்திமான். பூஜைக்கு மிக்ஸி, தையல் மெஷின், ஸ்கூட்டர் சாவி எல்லாம் துடைத்து வைத்தவர், ரௌட்டரையும் விடவில்லை. எல்லா வயரையும் கழற்றி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார். பின்பக்கம் நீல நிறத்தில் தனியாக இருக்கும் இன்டர்நெட் போர்ட்டுக்கு நேர்மேலே சரியாகப் பொட்டு விழுந்தது. மறுநாள் வயரை மாட்டும்போது, பொட்டு வைத்த இடத்தில் குத்துவானேன் என்று உங்கள் கேபிளைப் பக்கத்திலிருந்த மஞ்சள் போர்ட்டில் செருகினார். நான்கு மஞ்சள் போர்ட்டில் எதுவானால் என்ன? கேபிள் ‘டிக்’ என்று உட்கார்ந்தது. விளக்கும் எரிந்தது.

கேபிள் செருகியதும் எரியும் விளக்கு, ஒயரின் இரு முனையிலும் கருவி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். சரியான துளையா என்று அதற்குத் தெரியாது. (தங்கள் ஊழியர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை என்பதால் விளக்கைக் குறை சொல்ல மனம் வரவில்லை.)

இன்டர்நெட் போர்ட் வீட்டின் வாசல் என்றால் மஞ்சள் போர்ட்டுகள் உள்ளறைகள். வாசலில் ரௌட்டர் கைகட்டி நின்று, “எனக்கொரு ஐ.பி. முகவரி கொடுங்கள்” என்று உங்களிடம் கேட்கும். உள்ளறைகளில் அதுவே எஜமான். செல்போன், டிவி, மடிக்கணினி என்று யார் கேட்டாலும் முகவரி கொடுக்கும். இந்த முகவரி வழங்கும் வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். மாமா உங்கள் கேபிளை உள்ளறையில் செருகியதால், அவர் வீட்டு ரௌட்டர், எங்கள் வீட்டுக் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் மாடிப்படி ஸ்விட்ச் வழியாகக் குடியிருப்பு முழுவதற்கும் எஜமானாகிவிட்டது. யார் முகவரி கேட்டாலும் கொடுத்தது. கொடுத்த முகவரியோடு, “வெளியே போக என் வழியாக வாருங்கள்” என்றும் சொன்னது. அதன் வாசலோ பொட்டோடு காலியாகக் கிடந்தது.

ஆனாலும் அன்று காலை எங்களில் பெரும்பாலோருக்கு இணையம் நன்றாகவே ஓடியது. ஏற்கெனவே உங்களிடம் முகவரி வாங்கிய ரௌட்டர், அதைப் புதுப்பிக்கும்போது முதலில் உங்கள் சர்வரையே நேராகக் கேட்கும். பக்கத்து வீட்டில் யார் கடை விரித்தாலும் அதன் காதில் விழாது. சிக்கியவர், அன்று காலை மின்சாரம் போய் வந்த இரண்டாம் மாடி ஆசிரியை ஒருவர் மட்டுமே. அவர் உங்களை அழைத்தார்.

“மேடம், ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

செய்தார், சரியாகவில்லை. “பக்கத்து வீட்டில் வருதா பாருங்க மேடம்.” வருகிறது. “அவங்களையும் ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க.” அவர்களும் செய்தார்கள். ரௌட்டர்கள் பலவும் அணைத்துப் போட்டால் பழைய முகவரியை மறந்துவிடும். புதிதாக, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும். யார் முதலில் பதில் தருகிறார்களோ பெரும்பாலும் அவர்களையே நம்பும். உங்கள் சர்வர் எங்கோ தொலைவில். மாமா வீடு ஒரு மாடி தள்ளி. பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டுமா? இப்படி ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வீடாக, மதியத்துக்குள் ஏறக்குறைய முழுக் குடியிருப்பையும் முடித்துவைத்தீர்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு இணையும் முறை இங்கே இருந்திருந்தால், அண்டை வீடுகள் இந்த வலையில் விழுந்திருக்காது. அந்தத் தொல்லை வேண்டாமென்று எடுத்துவிட்டதும் தாங்கள்தான்.

இதற்கிடையில் மாமா வீட்டில் டிவி பிரமாதமாக ஓடியது. அந்த டிவிக்கு மட்டும் உங்கள் சர்வரின் பதில் முந்திக்கொண்டது. ஒரு இணைப்புக்கு ஒரு முகவரி என்ற உங்கள் விதிப்படி வீட்டுப் பங்கை டிவியே எடுத்துக்கொண்டது. மாமாவின் செல்போனில் இணையம் இல்லை. “டிவி வருதே, போன்தான் ரிப்பேர்” என்று அவர் செல்போன் கடைக்குப் போயிருந்தார்.

கண்டுபிடித்தது ஆசிரியையின் மகள், கல்லூரி மாணவி. ரௌட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து வெளிப்பக்க முகவரியைப் பார்த்தாள். வழக்கமாக அங்கே 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கும் எண் இருக்கும். இணைய நிறுவனங்கள் தங்கள் வலையமைப்புக்குள் வாடிக்கையாளர் ரௌட்டர்களுக்குக் கொடுக்க 2012இல் ஒதுக்கப்பட்ட வரிசை அது. அன்று இருந்தது `192.168.0.103`. “இது யாரோ வீட்டு வைஃபை கொடுக்கிற நம்பர்மா” என்றவள், பிரௌசரில் `192.168.0.1` என்று தட்டினாள். வேறொரு கம்பெனி ரௌட்டரின் நுழைவுப் பக்கம் வந்து நின்றது. அந்தக் கம்பெனி ரௌட்டர் யார் வீட்டில் இருக்கிறது என்று மாடி மாடியாக விசாரித்ததில், பொட்டு வைத்த ரௌட்டர் அகப்பட்டது. கேபிளை நீல போர்ட்டுக்கு மாற்றியாயிற்று, உங்கள் ‘தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்’ முடிவதற்குள்.

இப்போதுதான் எல்லோரும் ரௌட்டரை அணைத்துப் போட வேண்டும், இல்லையென்றால் பொய் முகவரி காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டும். அதற்காக உங்களை அழைத்தால், “எதையும் தொடாதீங்க சார், 48 மணி நேரத்துல ஆள் வருவாங்க” என்றார்கள். வாழ்க்கையில் ஒருமுறை பொருந்துகிற இடம் வந்தபோது அந்த மந்திரத்தை மறந்துவிட்டார்களே என்றுதான் வருத்தம்.

ஆளும் வந்தார். மஞ்சளில் செருகினால் தப்பு என்று மாமா கதையில் கற்றுக்கொண்டவர், முதல் மாடியில் படுக்கையறை வைஃபைக்காக வைத்திருந்த இரண்டாவது ரௌட்டரைப் பார்த்தார். அதில் கேபிள் மஞ்சளில் இருந்தது. அங்கே அதுதான் சரி. முகவரி வழங்கும் வேலையை அணைத்துவிட்டு, முதல் ரௌட்டரின் வைஃபையை நீட்டிக்க மட்டும் வைத்திருந்தார்கள். அவர் அதை நீலத்துக்கு மாற்றிவிட்டுப் போனார். படுக்கையறை தனித் தீவானது. முகவரி தர ஆளில்லாததால் அந்த வைஃபையில் போன் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஹாலில் இருக்கும் பிரிண்டரும் கைக்கு எட்டவில்லை.

போகிற போக்கில் அவர் செய்த இன்னொரு உபகாரம்: தொங்கிக்கொண்டிருந்த உதிரிக் கேபிளின் இரு முனைகளையும் மாடிப்படி ஸ்விட்சிலேயே ‘பத்திரமாக’ மாட்டினார். போன செய்தி சுற்றித் திரும்பி வந்து, பெருகி, எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் படபடத்தன. அதை நாங்களே பிடுங்கிவிட்டோம்.

எங்கள் கோரிக்கை சிறியது. அந்த ஸ்விட்ச் எந்த அமைப்பும் செய்ய முடியாத மலிவான எட்டுத் துளைப் பெட்டி. அமைப்பு செய்யக்கூடிய ஸ்விட்ச் வைத்து, மேலிருந்து உங்கள் கேபிள் வரும் துளையைத் தவிர வேறெந்தத் துளையிலிருந்தும் முகவரி கொடுக்கும் செய்தி வந்தால் அதைக் குப்பையில் போடும்படி சொல்லிவைத்தால், எந்த மாமா எதில் செருகினாலும் கெடுவது அவர் வீடு மட்டும்தான். அதுவரை, “ஆஃப் பண்ணுங்க” என்பதற்கு முன்னால், “கேபிள் எந்த நிறத் துளையில் இருக்கு?” என்று கேட்கச் சொல்லுங்கள். எல்லா ரௌட்டரிலும் நீலம், மஞ்சள் இருக்காது. சில புது ரௌட்டர்கள் எந்தத் துளையில் செருகினாலும் தாமே புரிந்துகொள்ளும். ஆகவே துளைக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்வது உத்தமம்.

வருகைக் கட்டணம் என்று சங்கத்துக்கு ஒரு பில்லும் அனுப்பியிருக்கிறீர்கள். ‘வாடிக்கையாளர் தவறு’ என்று காரணம் குறித்திருக்கிறது. எந்த வாடிக்கையாளர், எந்தத் தவறு, முதல் மாடியில் நிகழ்ந்தது இதில் சேர்த்தியா என்று தெரிவித்தால், கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பொருளாளரிடம் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்