கண்ணீர் இல்லை, கேப்ஷன் உண்டு

காஞ்சிபுரத்துக்காரர்கள் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் இடம் மீனம்பாக்கம். பயணச்சீட்டு இல்லாதவரை வாசல் காவலர் உள்ளே விடமாட்டார். ஆகவே அழுகை, அறிவுரை, செல்ஃபி எல்லாம் டிராலிக்குப் பக்கத்திலேயே முடிந்தாக வேண்டும்.

அப்பா அழமாட்டார். "கண்ணுல தூசி" என்பார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை முந்தின இரவே எழுதி வைத்திருப்பார்: 'பறந்து செல் மகளே, வானமே எல்லை!' மகள் போவது என்னவோ துபாயில் விமானம் மாறி பிராங்க்பர்ட்டுக்கு.

அந்த வரியில் இடம்பெறாதவை நிறைய. கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டியதும் வங்கி கேட்ட வீட்டுப் பத்திரம். முதல் ஆண்டின் செலவுக்கு ஜெர்மனி முன்கூட்டியே கணக்கில் முடக்கச் சொல்லும் பணம். பெட்டி 23 கிலோவைத் தாண்டியதால் வாசலிலேயே வெளியே எடுத்த ஊறுகாய் பாட்டில். கைப்பைக்கு மாற்றலாம் என்றால், அங்கே 100 மில்லிக்கு மேல் எண்ணெய் போகாது. மந்தாரை இலையில் மடித்த கோயில் இட்லி மட்டும் தப்பித்தது. அம்மா ஒரு வரியும் எழுதவில்லை. அந்த பாட்டிலைப் பிடித்தபடி நிற்கிறார். படத்தில் அதை வெட்டிவிட்டார்கள்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். கடன் தவணை, படிப்பு முடிந்து பெரும்பாலும் ஓராண்டுக்குள் தொடங்கும். பார்க்கிற சொந்தக்காரர்களே, ஒரு இதயம் போட்டுவிட்டுப் போங்கள். "அங்க சம்பளம் எவ்வளவு வரும்?" என்று மட்டும் இன்றைக்குக் கேட்காதீர்கள்.