நீல முகப் பிள்ளைகள்

கட்டுமாவடியில் விடுமுறைக்கு வந்திருக்கும் மாப்பிள்ளைக்கு இரண்டே வேலைகள்தான். காலையில் மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஏலத்தை வேடிக்கை பார்ப்பது ஒன்று. மாலையில் மச்சானின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து டீ குடிப்பது இன்னொன்று. சென்ற ஜூனில் இந்த இரண்டாவது வேலையைச் செய்துகொண்டிருந்தபோதுதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மச்சான் கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கும் ஆர்டர். மொத்தம் 186 பிள்ளைகள். ஏறக்குறைய எல்லாரும் பழைய சீருடையான மெரூன் சட்டையில் வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்து முடித்த மறுவாரம் பள்ளியிலிருந்து போன். இந்த வருடம் சீருடை நேவி புளூவாம். துணி இன்னும் வரவில்லை, தைத்து முடிக்க ஒரு மாதமாகும், அதனால் “கலரை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க, பேரண்ட்ஸ் கூட்டத்துல சொல்லிட்டோம்” என்று நிர்வாகி சொல்லிவிட்டார்.

“கலரை மட்டும்தான் மாப்ள” என்றார் மச்சான். “போட்டோஷாப்ல ஒரு புள்ளைக்கு அஞ்சு நிமிஷம்.”

நான் மனக்கணக்குப் போட்டேன். 186 பிள்ளைகளுக்கு 930 நிமிடம். பதினைந்தரை மணி நேரம்.

“எதுக்கு மச்சான் இவ்வளவு கஷ்டம்? பைத்தான்ல பத்து வரி எழுதினா ஃபோல்டர் மொத்தமும் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்.”

இந்த ஒரு வாக்கியத்துக்கு என் வாழ்க்கையில் மூன்று மாலைப் பொழுதுகள் போயின.

மச்சானின் அப்பா காலத்தில் இதே ஸ்டுடியோவில் ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். சிங்கப்பூர், மலேசியா போகிற ஆள் எவராக இருந்தாலும் அதற்குள் புகுந்து ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் போவார். ஒல்லியான ஆளுக்கு முதுகுப்புறம் நாலு கிளிப் மாட்டுவார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கல்யாணப் பெண்ணின் சேலைக்குத் தூரிகையால் வண்ணம் தீட்டுவதும் உண்டு. ஆகவே, படத்தில் உடுப்பை மாற்றுவது இந்தக் கடைக்குப் புதிதல்ல. பார்க்காமல் மாற்றுவதுதான் புதிது.

முதல் நாள் நான் எழுதியது இது:

```python
from pathlib import Path
import cv2

for p in Path("asal").glob("*.jpg"):
    img = cv2.imread(str(p))
    hsv = cv2.cvtColor(img, cv2.COLOR_BGR2HSV)
    mask = cv2.inRange(hsv, (0, 80, 40), (12, 255, 255))
    hsv[..., 0][mask > 0] = 112
    out = cv2.cvtColor(hsv, cv2.COLOR_HSV2BGR)
    cv2.imwrite(str(Path("puthusu") / p.name), out)
```

விஷயம் எளிது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள். எந்த நிறம் என்பது ஒன்று, அந்த நிறம் எவ்வளவு அழுத்தம் என்பது ஒன்று, எவ்வளவு வெளிச்சம் என்பது ஒன்று. நான் முதல் எண்ணை மட்டும் மாற்றுகிறேன். வெளிச்சத்தைத் தொடாததால் சட்டையின் மடிப்பும் நிழலும் பொத்தான் குழியும் அப்படியே இருக்கும். மெரூனும் நேவி புளூவும் இரண்டுமே இருண்ட, அழுத்தமான நிறங்கள் என்பதால் இந்த வித்தை பலிக்கும். பள்ளிக்காரர்கள் வெளிர் நீலம் கேட்டிருந்தால் பலித்திருக்காது, வெளிச்சத்தையும் அழுத்தத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

ஓட்டினேன். சத்தமே இல்லாமல் முடிந்தது. ஒரு பிழைச் செய்திகூட இல்லை. “பாத்தீங்களா மச்சான்” என்று பெருமையாக puthusu ஃபோல்டரைத் திறக்கப் போனேன். அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை. நான் அதை உருவாக்க மறந்திருந்தேன். `cv2.imwrite` ஒரு சாது. எழுத இடமில்லை என்றால் கத்தாது, நிற்காது. False என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடும். அந்த முணுமுணுப்பைக் கேட்க நான் ஒரு வரியும் எழுதவில்லை. 186 படங்களையும் மாற்றி, 186 முறை கடலில் போட்டிருக்கிறது.

“வலையே போடாம மீன் புடிச்சிருக்கீங்க” என்றார் மச்சான்.

ஃபோல்டரை உருவாக்கி மறுபடி ஓட்டினேன். இந்த முறை படங்கள் வந்தன. முதல் படத்தைத் திறந்ததும் டீ கொண்டுவந்த பையன் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

சட்டை திட்டுத் திட்டாக நீலம். அது பரவாயில்லை. கன்னம் நீலம், மூக்கு நீலம், நெற்றியில் வைத்த குங்குமம் நீலம். பிள்ளை பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்ததுதான் இன்னும் பயமாக இருந்தது. அடுத்த படமும் அப்படியே. ஒரு பள்ளிக்கூடமே ஆலகாலம் குடித்துவிட்டு வரிசையில் நின்றது.

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். “நம்ம மார்க்கெட்ல நீலக்கால் நண்டு பாத்திருக்கீங்கள்ல? அதை அடுப்புல வச்சா செவப்பாவும். நீங்க செவப்பா இருக்கிற புள்ளைகள நண்டா மாத்திட்டீங்க.”

காரணம் தேட இரண்டாம் நாள் முழுதும் ஆனது. அந்த நிரலில் நிறங்கள் ஒரு வட்டமாக இருக்கின்றன. வழக்கமாக வட்டத்துக்கு 360 பாகை. அது ஒரு பைட்டுக்குள் அடங்காது என்பதால் ஓப்பன்சிவி பாதியாக்கி 0 முதல் 179 வரை எண்ணுகிறது. சிவப்பு சரியாக வட்டத்தின் தையலில் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் 0 பக்கம், கொஞ்சம் 179 பக்கம். மெரூன் சட்டையில் பெரும்பகுதி 170க்கு மேலே இருந்தது. நான் தேடியதோ 0 முதல் 12 வரை. அந்த எல்லைக்குள் வசதியாகக் குடியிருப்பது யார்? நம் தோல். கறுப்போ மாநிறமோ சிவப்போ, மனிதத் தோலின் நிறம் பெரும்பாலும் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் இடையில்தான் விழுகிறது. வித்தியாசமெல்லாம் வெளிச்சத்திலும் அழுத்தத்திலும்தான். நிரல் சாதி மத பேதம் பார்க்காமல் அத்தனை பிள்ளைகளையும் ஒன்றாகவே நீலமாக்கியதற்குக் காரணம் அதுதான்.

எண்ணை ஊகிக்காமல் அளந்தேன். பத்துப் படங்களைத் திறந்து சட்டையில் வெயில் பட்ட இடம், நிழல் விழுந்த இடம், காலர் மடிப்பு என்று தொட்டுத் தொட்டு எண்களைக் குறித்துக்கொண்டேன். 168 முதல் 179, பிறகு 0 முதல் 4 என்று இரண்டு எல்லைகள் வைத்து, அழுத்தம் 120க்குக் குறைந்ததை விட்டுவிடச் சொன்னேன். முகம் தெளிந்தது. ஆனால் உதடும் குங்குமமும் இன்னும் நீலம். அவை சட்டையைப் போலவே அழுத்தமான சிவப்பு. நிறத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

நிறம் கைவிட்டால் இடத்தைப் பிடிக்க வேண்டியதுதான். சட்டை எங்கே இருக்கும்? முகத்துக்குக் கீழே. ஓப்பன்சிவியோடு முகம் கண்டுபிடிக்கும் பழைய முறை ஒன்று இலவசமாக வருகிறது. 2001இல் வயோலா, ஜோன்ஸ் என்ற இருவர் வெளியிட்டது. அது முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுத் தரும். கட்டத்தின் அடிப்பக்கம் ஏறத்தாழ மோவாயில் நிற்கும். அதற்கு மேலே எதையும் தொடாதே என்று இரண்டு வரி:

```python
x, y, w, h = max(faces, key=lambda f: f[2] * f[3])
mask[: y + int(h * 1.05), :] = 0
```

இந்த முறை சுவரின் கறையைக்கூடச் சில சமயம் முகம் என்று சொல்லும். அதனால் கிடைத்தவற்றில் பெரிய முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஓட்டினால் 43ஆவது பிள்ளையிடம் நின்றுவிட்டது. முகமே கிடைக்கவில்லையாம். படத்தைத் திறந்தால் பையன் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கதாநாயகன் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறான். நேராக நிற்கும் முகத்தைத்தான் அந்த முறை அறியும், ஸ்டைலை அறியாது. முகம் கிடைக்காத படங்களை மாற்றாமல் தனி ஃபோல்டரில் ஒதுக்கிவிட்டு மேலே போகும்படி எழுதினேன். அப்படி ஒதுங்கியவர்கள் ஐந்து பேர்.

மூன்றாம் நாள் மாலை எல்லாம் முடிந்தது. ஓடிய நேரம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. 181 படங்கள் தயார். பென்டிரைவில் ஏற்றப் போனேன்.

“பாத்தாச்சா?” என்றார் மச்சான்.

“பத்துப் பதினைஞ்சு பாத்தேன். எல்லாம் சரியா இருக்கு.”

“மாப்ள, மார்க்கெட்ல கூறு கட்டி வச்சிருப்பாங்க. மேல கெடக்குற நாலு மீனப் பாத்துட்டா வாங்குவீங்க?”

அந்தக் கேள்விக்கு எந்த நிரலிலும் பதில் இல்லை. படங்களைச் சிறிதாக்கி, ஒரு பக்கத்துக்கு முப்பது வீதம் அடுக்கி, இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். முப்பதை ஒன்றாக அடுக்கும்போது தப்பு தானாகக் கண்ணில் குத்துகிறது. ஒவ்வொன்றாகப் புரட்டினால் பத்தாவது படத்திலேயே கண் அசந்துவிடும்.

இரட்டைச் சடை போட்ட பெண்களின் சிவப்பு ரிப்பன் தோளுக்கு முன்னால் விழுந்த இடத்தில் நீலமாகியிருந்தது. மோவாய்க்கு மேலே சிவப்பு, கீழே நீலம். அப்படி மூன்று பேர். அன்று பிறந்த நாள் என்று கலர் டிரஸ்ஸில் வந்த பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தியின் சிவப்பு கவுன் கச்சிதமாக நேவி புளூ கவுனாகியிருந்தது, சரிகைப் பூவோடு. வெள்ளைச் சட்டையில் வந்தவன் வெள்ளையாகவே இருந்தான். வெள்ளைக்கு நிறத்தின் அழுத்தமே இல்லை, திருப்புவதற்கு அதில் ஒன்றும் கிடையாது.

ஆக, நிரல் ஒதுக்கியது ஐந்து, கண் ஒதுக்கியது ஐந்து. நிரல் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொன்ன ஐந்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. தெரிந்த மாதிரி செய்துவைத்த ஐந்துதான் ஆபத்து. அவை ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் அச்சுக்குப் போயிருக்கும், அந்த ரிப்பன் பெண்கள் வருடம் முழுதும் இருநிற ரிப்பனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்திருப்பார்கள்.

எட்டுப் படங்களை மச்சான் கையாலேயே சரிசெய்தார். பிறந்த நாள் பிள்ளைகள் இருவரையும் மறுபடி வரச் சொல்லிவிட்டார். “இல்லாத சட்டையப் போட்டுவிடுறது வேற வேலை. அதுக்குப் புள்ளையே வந்து உக்காரட்டும்” என்றார். பாஸ்போர்ட் படமாக இருந்தால் இந்த நிறமாற்றத்தையே தொட்டிருக்க மாட்டாராம், அங்கே எடுத்த படம் எடுத்தபடி இருக்க வேண்டும். பிள்ளைகளின் படங்களை என் லேப்டாப்பிலிருந்து அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொன்னார்.

மறுநாள் காலை எனக்குக் கூலி வந்தது. ஒரு கூறு நீலக்கால் நண்டு. மார்க்கெட்டில் மச்சான் ஒவ்வொன்றையும் திருப்பி, வயிற்றை அமுக்கிப் பார்த்து, இரண்டைக் கழித்துவிட்டுத்தான் வாங்கினார். மதியம் அடுப்பில் ஏறி இறங்கியபோது அத்தனையும் சிவப்பாகியிருந்தன. ஒன்றில்கூடத் திட்டு இல்லை.