ஒரு டம்ளருக்கு எத்தனை டம்ளர்?

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் காணைப் பக்கம் எந்த மாவு மில்லுக்குப் போனாலும், வரிசையில் நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எனக்கு முன்னாடி மொளகா அரைச்சீங்களா?" என்பதுதான். "இல்ல" என்று மில்காரர் சொல்வார். அதை நம்பாமல் எல்லோரும் ஒருமுறை மிஷினை மோந்து பார்ப்பார்கள்.

இந்த வரிசைக்குப் பயந்து, சென்னையிலிருந்து வந்த அண்ணி கையோடு கடை மாவு பாக்கெட் கொண்டுவந்தார். எங்கள் ஆயாவின் கொழுக்கட்டை அளவு ஊரறிந்தது: ஒரு டம்ளர் மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அண்ணி அந்த அளவைத் தலைதட்டி அளந்தார். உப்பு, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், தளதளவென்று கொதி, அடுப்பைத் தணித்து மாவு கொட்டிக் கிளறல், எல்லாம் முறைப்படிதான். ஆனால் உருட்டித் தட்டியதும் ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடித்தது, மழைக்குக் காத்திருக்கும் மே மாத ஏரி மாதிரி.

"அளவு தப்பாச்சே ஆயா!"

"அளவு சரிதாம்மா. மாவு வேற."

ஆயா சொன்னது முழு உண்மை. அவருடைய ஒன்றுக்கு ஒன்று, ஈரமாவுக்கான கணக்கு. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தொட்டால் ஈரம் தெரிகிற பதத்தில் அரைத்த மாவு அது. அதில் ஏறக்குறைய கால் பங்கு ஏற்கெனவே தண்ணீர். கடை மாவில் அதில் பாதிதான் இருக்கும். வறுத்த மாவென்றால் இன்னும் குறைவு. ஆகவே கடை மாவுக்கு ஒன்றரை டம்ளரில் ஆரம்பிக்க வேண்டும். பழைய அரிசி மாவென்றால் இரண்டு வரைகூடக் குடிக்கும். டம்ளரில் தெரிகிற தண்ணீரை மட்டும் அண்ணி எண்ணினார். மாவுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரையும் சேர்த்தது ஆயாவின் கணக்கு.

இதற்குள் பெரியப்பா களத்தில் இறங்கினார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். கரண்ட் தவிர எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பார். "தண்ணி பத்தலன்னா ஊத்தேன்!" என்று குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டார். ஆயா அவர் கையைத் தட்டிவிட்டார். அறுபது வயதுப் பிள்ளை அடி வாங்கியதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகளுக்கு அன்றைய பண்டிகை அங்கேயே களை கட்டிவிட்டது.

தட்டிவிட்டதற்குக் காரணம் உண்டு. கோதுமை மாவைச் சேர்த்துப் பிடிக்கிற பசைப் புரதம் அரிசியில் கிடையாது. அரிசி மாவு ஒட்டிக்கொள்ள ஒரே வழி, அதன் மாச்சத்து சூட்டில் வெந்து, ஊதி, கூழாவதுதான். சுமார் 70 டிகிரியாவது இல்லாமல் அது நடக்காது. பச்சைத் தண்ணீர் விட்டால் மாவு ஈரமாகும், ஆனால் ஒட்டாது. கையில் நல்ல பிள்ளை மாதிரி இருந்துவிட்டு, இட்லிப் பானைக்குள் போனதும் வாய் பிளக்கும். தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போதே மாவைக் கொட்டாமல் தொலைக்காட்சித் தொடரின் விளம்பர இடைவேளைக்குக் காத்திருப்பவர்களுக்கும் இதே கதி. அளந்த தண்ணீரில் ஒரு பங்கு அதற்குள் ஆவியாகியிருக்கும்.

ஆகவே ஆயா அரை டம்ளர் தண்ணீரை மறுபடி கொதிக்க வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக மாவில் தெளித்து, கரண்டிக் காம்பால் கிளறி, மூடி போட்டுப் பத்து நிமிடம் விட்டார். உள்சூட்டிலேயே மிச்ச மாவும் வெந்தது. பிறகு கை பொறுக்கும் சூட்டில், எண்ணெய் தொட்டு, அடித்துப் பிசைந்தார். "ஆறவிட்டுப் பிசையலாமே" என்றார் பெரியப்பா. ஆயா திரும்பிப் பார்த்தார். பெரியப்பா வாசலுக்குப் போய்விட்டார்.

பதம் பார்க்க ஆயாவுக்கு டம்ளர் வேண்டாம். கோலிகுண்டு அளவு உருட்டி, கட்டைவிரலால் அமுக்குவார். ஓரம் வெடித்தால் இன்னும் கொஞ்சம் வெந்நீர். விரலோடு ஒட்டி வந்தால் தண்ணீர் கூடிவிட்டது. அதற்கு அண்ணி பாக்கெட்டை நோக்கிக் கை நீட்டினார், அதுவும் கூடாது. புதிதாகத் தூவுகிற மாவு வேகாத பச்சை மாவு. பாத்திரத்தோடு சிறு தீயில் வைத்துக் கிளறினால் அதிக நீர் தானே போய்விடும்.

பூரணம் மல்லாட்டையும் வெல்லமும். பாகு தளர்ந்து தண்ணியாக இருந்தால், மாவு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் உள்ளிருந்து கசிந்து தையலைப் பிரித்துவிடும். கையில் உருண்டு நிற்கிற அளவுக்குச் சுண்ட வேண்டும். செப்புகள் செய்து முடிக்கும்வரை மாவை ஈரத்துணியால் மூடியே வைத்தோம். காற்றுப் பட்டுத் தோல் காய்ந்தாலும் வெடிக்கும். ஆவியில் பத்து நிமிடம். மேலே பளபளப்பு வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

தட்டில் வந்தவை ஒன்றுகூட வாய் பிளக்கவில்லை. பெரியப்பா முதலில் ஒன்றை எடுத்துச் சுற்றிப் பார்த்து, "நான் சொன்ன மாதிரி தண்ணி சேர்த்ததாலதான்" என்றார்.