கூடையில் வைத்து அழைத்து வரவும்

தபால்காரர் வாசலில் நின்று, "சார், ஜமீன்தார்னு இங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார், ஃபிரிட்ஜ் மேல் படுத்திருக்கிறார், கையெழுத்துப் போடும் பழக்கம் இல்லை என்று சொல்லி உறையை வாங்கிக்கொண்டேன். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த மேல்வீட்டுக்காரர் இதைக் கேட்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார். அந்த ஒரு நிமிடத்தில் என்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தாரோ.

கடிதம் பூனை டாக்டர் கிளினிக்கிலிருந்து. "அன்புள்ள ஜமீன்தார், உன்னைப் பார்த்து ஒரு வருடம் ஆகிவிட்டது" என்று ஆரம்பிக்கிறது. எனக்குப் பதினைந்து வருடமாக பிரஷர். பார்க்கிற டாக்டர் இதுவரை ஒரு போஸ்ட்கார்டு போட்டதில்லை. நானாகப் போனாலும் "எப்ப வந்தீங்க கடைசியா?" என்று என்னையே கேட்பார். பூனைக்கு என்னடாவென்றால் வழவழ தாளில், ஓரத்தில் பாதம் பாதமாக அச்சடித்து, அன்புள்ள என்று விளித்துக் கடிதம். ஜமீன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. பிடுங்கித்தான் படித்தேன்.

ஆண்டுப் பரிசோதனைக்கும் பூஸ்டர் ஊசிகளுக்கும் நேரம் வந்துவிட்டதாம். கீழே ஊசிகளின் பட்டியல். அதற்கும் கீழே, "ஜமீன்தாரைப் பாதுகாப்பான கூடையில் வைத்து அழைத்து வரவும்."   

இந்தக் கூடை வரியை விட்டுவிட்டுப் போக மனமில்லை. கூடையில் வைத்து அழைத்து வரவும்! எழுதியவர் வீட்டில் பூனை இல்லை என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். இருந்திருந்தால் 'வைத்து' என்ற சொல்லுக்கும் 'அழைத்து' என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு பக்கமாவது விட்டிருப்பார்.

பூனை வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாளிலிருந்தே வீட்டில் யாரும் டாக்டர் என்ற பேரை எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'கோடம்பாக்கம் மாமா'. "ஏங்க, நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோடம்பாக்கம் மாமா வீட்டுக்குப் போகணும்ல?" என்று என் மனைவி சாதாரணமாக, கொத்தமல்லி ஆய்ந்தபடி கேட்பாள். நானும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமாமா, போகணும்" என்பேன். இரண்டு பேரும் ஜமீன் பக்கம் பார்க்க மாட்டோம். பார்க்காமல் இருப்பதுதான் தப்பு. ஒன்பது வருடமாக அது எங்களைப் படித்து வைத்திருக்கிறது. இப்போது நிஜமான கோடம்பாக்கம் மாமா போன் செய்து, என் மனைவி "சொல்லுங்க மாமா" என்றாலே வாஷிங் மெஷின் பின்னால் போய்விடுகிறது. மாமா தீபாவளிக்கு வந்தபோது அரைநாள் வெளியே வரவில்லை. "உங்க பூனைக்கு என்னைப் பிடிக்கலியோ?" என்று அவர் மனம் புண்பட்டுக் கேட்டார். அவரிடம் எதை விளக்குவது?

பிறகு பரண். கூடை பரணில் இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறும் சத்தம் எது, பல்பு மாற்ற ஏறும் சத்தம் எது என்று அதற்குத் தெரியும். அதனால் கூடையை நடுராத்திரி இறக்கி, பாத்ரூமில் ஒளித்து வைத்து, காலையில் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தலையணையை அடைத்து, இவ்வளவும் முடித்துத் திரும்பினால் ஜமீன் பீரோவின் மேல் இருக்கும். இறக்கிவிடலாம். உள்ளே தள்ளுவதுதான் கஷ்டம். விரித்த குடையை விரித்தபடியே டவுன் பஸ்ஸில் ஏற்றுவது போன்ற காரியம் அது. நாலு காலும் நாலு விளிம்பில் நிற்கும். ஒரு காலை எடுத்து உள்ளே விட்டால் இன்னொன்று வெளியே வரும். அந்த நேரம் பார்த்து இன்னொரு பூனையான பொம்மி, அவளை யாரும் கூப்பிடவில்லை, தானாக நடந்து வந்து கூடைக்குள் படுத்துக்கொள்வாள். என் மனைவி ஒருமுறை, "பேசாம இவளையே கொண்டு போயிடலாமா?" என்றாள். நான் யோசித்தேன் என்பதுதான் உண்மை.

டாக்டரம்மாவிடம் போய் நின்றதும் என் முழங்கைக் கீறலைப் பார்த்தார். "கூடையை எங்க வச்சிருப்பீங்க?" பரணில் என்றேன். "அங்கதான் சார் பிரச்சினை. வருஷத்துக்கு ஒரு தடவை இறங்கினா அது கூடை இல்ல, கைது வண்டி. ஹாலிலேயே போட்டு வைங்க. கதவைக் கழட்டிடுங்க. உள்ள பழைய வேட்டியை மடிச்சுப் போடுங்க. தினமும் ரெண்டு துணுக்கு கருவாடு போடுங்க. ஒரு மாசத்துல அதுவே போய்ப் படுக்கும்." மேல்மூடி தனியாகக் கழலுகிற கூடையாக வாங்கவும் சொன்னார். மூடியை மட்டும் எடுத்துவிட்டால் பூனை தன் வேட்டியின் மேல் உட்கார்ந்தபடியே இருக்கும், பாதிப் பரிசோதனையை அப்படியே முடித்துவிடலாமாம். ஆட்டோவில் வரும்போது கூடையை ஒரு துண்டால் மூட வேண்டும். அப்படியும் ரொம்ப மிரளுகிற பூனையென்றால் வீட்டிலேயே, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் கொடுக்க கபாபென்டின் எழுதித் தருவாராம். "உங்களுக்கும் ஒண்ணு எழுதித் தரச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

இதில் ஒரு வார்த்தையாவது கடிதத்தில் இருக்க வேண்டாமா? பாதம் பாதமாக அச்சடிக்க இடமிருக்கிறது, கருவாட்டுக்கு இல்லை.

அடுத்து எடை மிஷின். போன வருடம் 4.6 கிலோ. இந்த வருடம் 4.1. "அரை கிலோதானே டாக்டர்" என்றேன். "உங்க எடை என்ன சார்?" எழுபத்திரண்டு. "அப்ப நீங்க கிட்டத்தட்ட எட்டு கிலோ இறங்கின மாதிரி. வீட்டுல கவனிச்சிருக்க மாட்டாங்களா?" என் மனைவி ஒன்றும் சொல்லாமல் சுவரில் இருந்த உண்ணிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் மடியில் படுக்கிற பூனை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தால் மடிக்குத் தெரியாது. மிஷினுக்குத்தான் தெரியும், அதுவும் போன வருட எடை ஃபைலில் இருந்தால்தான்.

ஒன்பது வயதுப் பூனை இளைத்தால் முதலில் சந்தேகப்படுவது சிறுநீரகத்தையும் தைராய்டையும் வாயையுமாம். ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் மட்டும் போதாது என்றார். சிறுநீரகம் முக்கால்வாசி வேலையை விட்ட பிறகுதான் கிரியாட்டினின் கூடிக் காட்டுமாம். அதற்கு முன்பே சிறுநீர் நீர்த்துப்போக ஆரம்பித்துவிடும். அதனால் அதன் அடர்த்தியையும் பார்க்க வேண்டும். 1.035-க்கு மேல் இருந்தால் பூனைக்கு நல்லது. ஜமீனுக்கு 1.048. சாயங்காலம் போனில் தைராய்டும் சரி என்றார்கள். இந்த எண்களைக் கேட்டு நான் அடைந்த பெருமிதம் என் பிள்ளையின் பிளஸ் டூ ரிசல்டில்கூட அடையவில்லை. அவன் மார்க் அப்படி.

மிஞ்சியது வாய். டாக்டரம்மா உதட்டைத் தூக்கிக் காட்டினார். கீழ்த்தாடையில் ஒரு பல்லின் அடியில், ஈறு பல்லின் மேல் ஏறியது போல ஒரு சிவப்புப் புள்ளி. பூனைகளுக்குப் பல் தானாகவே உள்ளிருந்து கரைந்துபோகிற நோய் ஒன்று சாதாரணமாக வருமாம். வெளியே தெரிவது கொஞ்சம்தான், மீதி ஈறுக்குள். எக்ஸ்ரே எடுத்தால்தான் எவ்வளவு என்று தெரியும், பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். நல்ல வலி. "சாப்பிடுதே டாக்டர்?" என்றேன். சாப்பிடும், மெல்லாமல் விழுங்கும், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சாப்பிடும் என்றார். தலையைச் சாய்த்துச் சாப்பிடுவதை நாங்கள் ரசித்து, வீடியோ எடுத்து, குடும்ப குரூப்பில் போட்டு, சம்பந்திகள் வரை ஹார்ட்டின் வாங்கியிருக்கிறோம்.

ஊசிக்கு வருவோம். பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள் என்று நான் பர்ஸைத் திறந்தேன். டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு, த்ரீ-இன்-ஒன் இந்த வருடம் வேண்டாம் என்றார். குட்டியாக இருக்கும்போது மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை என்று நாலு மாத வயது வரை போட்டாயிற்று. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியையும் எதிர்த்துக்கொண்டிருக்கும். அது எப்போது விலகும் என்று சொல்ல முடியாது என்பதால்தான் அத்தனை தடவை. பிறகு ஒரு வயதில் பூஸ்டர். அதற்குப் பிறகு, வீட்டோடு இருக்கிற பூனைக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும், ஹாஸ்டலில் விட்டுவிட்டு அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் என்றால் வேறு கணக்கு. ஜமீனுக்கு அடுத்த வருடம்தான்.

"வெளியவே போகாத பூனைக்கு அது எதுக்கு டாக்டர்?" என்று இதே இடத்தில் எல்லோரும் கேட்பதை நானும் கேட்டேன். "நீங்க வெளிய போறீங்கல்ல?" என்றார். அந்த மூன்றில் ஒன்று பூனைகளுக்கு வரும் பார்வோ. அந்த வைரஸ் தெருவில் மாதக்கணக்கில் கிடக்கும், செருப்போடு வீட்டுக்குள் வரும். மற்ற இரண்டும் சளிக் காய்ச்சல் வகை. அவற்றுக்கான ஊசி நோயை முழுக்கத் தடுக்காது, வந்தால் வீரியத்தைக் குறைக்கும்.

ரேபீஸ் ஊசியை மட்டும் அவர் வருடாவருடம் போடுகிறார். நம் ஊரில் ரேபீஸ் விஷயத்தில் பேரம் பேச எனக்கு விருப்பமில்லை. பிடரியில் போடுவார் என்று பிடித்துக்கொண்டு நின்றேன். வலது பின்னங்காலில், கீழே தள்ளிப் போட்டார். ரொம்ப அபூர்வமாக ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருமாம். காலில் வந்தால் காலை எடுத்தாவது பூனையைக் காப்பாற்றலாம், பிடரியில் வந்தால் எதை எடுப்பது? சின்ன வீக்கம் வந்தால் பயம் வேண்டாம். மூன்று மாதம் கழித்தும் இருந்தாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருந்தாலோ உடனே வர வேண்டும்.

ஆக, அத்தனை வழவழப்பாக எழுதியும் ஊசிப் பட்டியலில் பாதி தேவையில்லை. தேவையான பரிசோதனையோ பட்டியலுக்கு முன்னால் ஒரே சொல்லாக வந்து போயிருக்கிறது, இலையில் உப்பு வைத்த மாதிரி கூட இல்லை. என்னைப் போன்றவர்கள் அதைப் பார்த்து, ஊசி போன வருஷம்தானே போட்டோம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடுவோம். பல் அதுவரை கரைந்துகொண்டிருக்கும். டாக்டரம்மாவிடமே இதைச் சொன்னேன். "கடிதம் கம்ப்யூட்டர் தானா அனுப்புது சார், எனக்கே எங்க வீட்டுப் பூனை பேர்ல வருது" என்றார். இவரிடம் என்னத்தைக் கோபித்துக்கொள்வது?  அதற்குள் ஜமீன் எடை மிஷினின் அடியில் புகுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் பொம்மி சீறுகிறாள். ஒன்பது வருடமாக ஒரே தட்டில் தின்ற ஜமீனை யாரென்றே தெரியவில்லையாம். கிளினிக் வாசனை. இரண்டையும் ராத்திரி வரை தனித்தனி அறையில் வைத்து, ஒரே துண்டால் மாறி மாறித் துடைக்கச் சொல்லியிருந்தார்கள். ஹாலில் பொம்மி, பெட்ரூமில் ஜமீன், நடுவில் துண்டோடு நான்.

வியாழக்கிழமை பல்லுக்கு எக்ஸ்ரே, அப்படியே பிடுங்குவதாகவும் ஏற்பாடு. மயக்க மருந்து கொடுப்பதால் முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பாடு கூடாது, தண்ணீர் வைக்கலாம். தட்டை எடுத்தால் ஜமீனோடு பொம்மியும் பட்டினி, இரண்டும் பட்டினி என்றால் விடிய விடிய வீட்டில் எவரும் தூங்க முடியாது. கோடம்பாக்கம் மாமா புதன்கிழமை ராத்திரி தங்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரட்டும், ஹாலில்தான் படுக்கை.