முக்கால் வட்டி மாமா

எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு முக்கால் வட்டி மாமா இருப்பார். காலையில் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியைத் தாண்டி நேராகத் தங்கம் விலைக்குப் போவார். வாங்குகிற உத்தேசம் எதுவும் கிடையாது. வீட்டில் இருக்கிற நகைக்கு இன்றைக்குக் கிராமுக்கு எவ்வளவு கொடுப்பான் என்று பார்த்து வைத்துக்கொள்ளத்தான். கடைவீதியில் எந்த மாடியில் எந்த நகைக்கடன் கம்பெனி, எந்த வங்கியில் மதிப்பீட்டாளர் எத்தனை மணிக்கு வருவார், கல்லுக்கும் அரக்குக்கும் யார் எவ்வளவு கழிப்பார், எல்லாம் அவருக்கு அத்துபடி.

சதவீதம் என்பது அவர் அகராதியில் இல்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை பைசா என்பதுதான் அவர் பாஷை. வங்கி மேலாளர் "வருஷத்துக்கு 9 சதவீதம் சார்" என்றால், "முக்கால் வட்டின்னு சொல்லுங்க" என்று அவரைத் திருத்துவார். மாதம் 75 பைசா, பன்னிரண்டு மாதத்துக்கு 9 ரூபாய். பெருக்கலில் மாமா தப்பு செய்ததே இல்லை. எதைப் பெருக்குவது என்பதில்தான் கொஞ்சம் தகராறு.

அத்தையின் சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தை பார்க்காத ஊரையெல்லாம் அது பார்த்துவிட்டது. போன தடவை அதை 80 பைசா வட்டிக்கு வைத்து ஒரு லட்சம் வாங்கியிருந்தார். எதிர்வரிசையில் 75 பைசா என்று பலகை மாட்டினார்கள். மாமாவுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் எங்கோ ஒரு லட்சம் கைமாற்று வாங்கி, சங்கிலியை மீட்டு, எதிர்வரிசையில் வைத்து, கைமாற்றையும் சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டார். வந்து உட்கார்ந்து, "மாசம் 50 ரூபா மிச்சம்" என்று காபி கேட்டார்.

புது இடத்தில் பிராசசிங் ஃபீஸ் 500 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 90 ரூபாய், ஆக 590 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 99,410தான் கொடுத்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. "அது வட்டி இல்லையே மாப்பிள்ளை, ஃபீஸ்தானே" என்பார். வட்டிக்கு ஒரு சட்டைப்பை, ஃபீஸுக்கு வேறு சட்டைப்பை. இரண்டும் ஒரே சட்டையில் இருப்பதை அவர் கவனித்ததில்லை.

மாதம் 50 ரூபாய் மிச்சம் பிடித்து 590 ரூபாயை எடுக்கக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். மாமாவோ நாலு மாதத்துக்கு மேல் ஓர் இடத்தில் நிற்க மாட்டார்.

அவருடைய பாஷையிலேயே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கைக்கு வந்தது 99,410. வருஷம் முழுக்க வைத்திருந்து மீட்டால் வட்டி 9,000, ஃபீஸ் 590, மொத்தம் 9,590. மாதத்துக்குப் பிரித்தால் 80 பைசா வட்டி. நாலு மாதத்தில் மீட்டால் வட்டி 3,000, ஃபீஸ் அதே 590. இப்போது அது 90 பைசா வட்டி. இரண்டே மாதத்தில் மீட்டாலோ ஒரு ரூபாய் 5 பைசா! பலகையில் இருந்த 75 பைசா மாறவே இல்லை. ஃபீஸ் ஒரே தொகை. அதைச் சுமக்கிற மாதங்கள் குறையக் குறைய ஒவ்வொரு மாதத்தின் தலையிலும் பாரம் கூடுகிறது. 80 பைசா கொடுமை என்று ஓடிவந்தவர் 90 பைசா கட்டிக்கொண்டிருக்கிறார், சந்தோஷமாக.

இந்த மாமாவைப் போன மாதம் ஒரு போன் கால் கலக்கிவிட்டது. வங்கியிலிருந்து ஒரு பெண், பர்சனல் லோன், ஒரு லட்சம், 12 சதவீதம், பன்னிரண்டு தவணை. "ஒரு வட்டியா! வைம்மா போனை" என்று சொல்லப் போனவர், பழக்கதோஷத்தில் தவணை எவ்வளவு என்று கேட்டுவிட்டார். மாதம் 8,885. பேப்பரை எடுத்துக் கூட்டினார். மொத்தம் கட்டுவது 1,06,620 சொச்சம். வட்டி 6,620 ரூபாய்தான். பிராசசிங் ஃபீஸ் 2 சதவீதம், ஜி.எஸ்.டி.யோடு 2,360. எல்லாம் சேர்த்து 8,980.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நகைக்கடனுக்கு 9,590. பர்சனல் லோனுக்கு 8,980. நகையே வைக்காமல் 610 ரூபாய் லாபம்! "இத்தனை வருஷமா ஏமாத்திட்டானுங்க மாப்பிள்ளை" என்று எழுந்தே விட்டார்.

தடுத்தது அத்தை. அத்தை தெருவில் சீட்டு நடத்துகிறவர். யார் கையில் பணம் எத்தனை நாள் இருந்தது என்பதுதான் அவர் தொழில்.

"ஏங்க, நகைக்கு வாங்கின லட்சம் வருஷம் பூரா நம்ம கையில இருக்கும். இதுல அடுத்த மாசமே எட்டாயிரத்து எண்ணூத்தி எண்பத்தஞ்சு போயிடுது. ஏழாம் மாசம் பாதி லட்சம்கூட பாக்கியிருக்காது. பாதிக் காசுக்கு முழு வாடகையா?"

மாமா பதில் சொல்லவில்லை. அத்தை விடவில்லை. "அதே மாதிரி மாசாமாசம் நகைக்கடன்லயும் கட்டிப் பாருங்களேன்."

நகைக்கடனில் இடையிடையே அசலைக் குறைக்க விடுகிற இடங்கள் உண்டு. மீதிக்குத்தான் வட்டி ஓடும். 9 சதவீதத்தில் மாதம் 8,745 கட்டினால் பன்னிரண்டாம் மாதம் கடன் தீரும். வட்டி 4,940, ஃபீஸ் 590, ஆக 5,530. பர்சனல் லோனின் 8,980-ஐ இதனோடுதான் ஒப்பிட வேண்டும். 3,450 ரூபாய் வித்தியாசம். கைக்கு வரும் 97,640-ஐயும் மாதத் தவணையையும் வைத்துப் பார்த்தால் பர்சனல் லோன் ஒரு வட்டியே இல்லை, ஒரு ரூபாய் 38 பைசா. வருஷத்துக்கு 16.6 சதவீதம். 12-ஐ 16.6 ஆக்கியது அந்த 2,360 ரூபாய்.

அதற்காக நகைக்கடன் எப்போதும் ஜெயிக்கும் என்று மாமா மாதிரி முடிவு கட்டவும் கூடாது. மாதாமாதம் கட்டாவிட்டால் வருஷக் கடைசியில் 1,09,000 ரூபாய் மொத்தமாகத் தேவை. ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளின்படி, சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் அந்தக் கடனைப் புதுப்பிக்க முடியும். முடியாதவர்களுக்கு ஏல நோட்டீஸ். சில கம்பெனிகளில் மாதா மாதம் வட்டி கட்டினால்தான் பலகையில் உள்ள விகிதம். தவறினால் அடுத்த படிக்கு ஏறிவிடும். அங்கே முக்கால் வட்டி ஒன்றரை ஆனாலும் ஆச்சரியமில்லை.

மாமா இப்போது சங்கிலியை ஓரிடத்தில் வைத்துவிட்டு, மாதம் கொஞ்சம் அசலும் கட்டுகிறாராம். ரசீதை அத்தை வாங்கி வைத்துக்கொள்கிறார்.

நீங்கள் கடன் வாங்கப் போனால் கையெழுத்துக்கு முன் 'முக்கியத் தகவல் அறிக்கை'யைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கு அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும், உங்களுக்குப் புரிகிற மொழியில். அதில் ஃபீஸையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் சதவீதம் இருக்கும். ஆனால் அது முழுத் தவணைக்காலமும் வைத்திருப்பீர்கள் என்று போட்ட கணக்கு. இரண்டு மாதத்தில் மீட்கப் போகிறீர்களா? அப்படியென்றால் ஃபீஸை இரண்டால் வகுத்து, மாத வட்டியோடு நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.